இஎம்ஐ ஏறவில்லை, ஆனால் ஐந்து வருஷம் கூடிவிட்டது

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை படித்துவிடுங்கள். கையில் ஒரு லேப்டாப் இருந்தால் இன்னும் நல்லது. நான் சொல்லச் சொல்ல நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

பொங்கல் லீவுக்கு என் தம்பி மகன் ஓசூரிலிருந்து வந்திருந்தான். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது போனை நீட்டினான். வீட்டுக்கடன் கொடுத்த வங்கியிலிருந்து வந்த கடிதம்.

"வட்டி ஏத்திட்டாங்க அத்தை. ஆனா இஎம்ஐ ஏறல. தப்பிச்சேன்" என்றான்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். வட்டி வீதம் 8.40 சதவீதத்திலிருந்து 9.60 சதவீதம். மீதமுள்ள அசல் 19,15,907 ரூபாய். மாதத் தவணை 17,230 ரூபாய், மாற்றமில்லை. மீதமுள்ள தவணைகள் 277.

கடைசி எண்ணில் என் கண் நின்றுவிட்டது. இவன் வாங்கிய கடன் 20 லட்சம். இருபது வருஷம், அதாவது 240 மாதம். இரண்டு வருஷம் தவறாமல் கட்டியிருக்கிறான், 24 தவணை முடிந்தது. 240-ல் 24 போனால் 216. மூன்றாம் வகுப்புக் கழித்தல்தான். 277 எங்கிருந்து வந்தது?

"உனக்கு இப்ப என்ன வயசு?" என்றேன்.

"முப்பத்தெட்டு."

"கம்பெனியில எந்த வயசுல அனுப்புவாங்க?"

"அம்பத்தெட்டு."

277 மாதம் என்றால் 23 வருஷம் ஒரு மாதம். கடன் முடியும்போது இவனுக்கு 61 வயது. சம்பளம் நின்று மூன்று வருஷத்துக்குப் பிறகும் மாதம் 17,230 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பான். இதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு வேறொன்றைக் கேட்டான்.

"ரெண்டு வருஷத்துல நாலு லட்சத்துப் பதிமூணாயிரம் கட்டியிருக்கேன் அத்தை. அசல்ல எம்பத்தி நாலாயிரம்தான் குறைஞ்சிருக்கு. மீதி எங்க போச்சு? ஏமாத்துறாங்களா?"

ஏமாற்றுகிறார்களா இல்லையா என்பதை நாமே கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும், வாயால் பேசிப் பயனில்லை என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்தேன். நான் பயன்படுத்துவது எக்செல். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் இதே சூத்திரங்கள் இதே பெயரில் வேலை செய்யும்.

முதலில் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். என்னிடம் படித்தவர்களுக்குத் தனிவட்டிக் கணக்கு மறந்திருக்காது. அசலைக் காலத்தால் பெருக்கு, வட்டி வீதத்தால் பெருக்கு, நூறால் வகு. வீட்டுக்கடனில் ஒவ்வொரு மாதமும் நடப்பது அதே தனிவட்டிதான். அந்த மாத ஆரம்பத்தில் எவ்வளவு அசல் பாக்கியோ, அதற்கு ஒரு மாத வட்டி. 20 லட்சத்துக்கு 8.4 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 1,68,000. பன்னிரண்டால் வகுத்தால் 14,000. அந்த மாதம் நாம் கட்டும் 17,230-ல் முதலில் இந்த 14,000 வட்டிக்குப் போகும். மிச்சம் 3,230 மட்டும் அசலில் கழியும். அடுத்த மாதம் 19,96,770-க்கு வட்டி போடுவார்கள். வட்டி 23 ரூபாய் குறையும், அசலில் கழிவது 23 ரூபாய் கூடும். இப்படியே 240 முறை. இதைப் பலகையில் எழுதி முடிக்க ஒரு வாரம் ஆகும். கணினியில் ஐந்து நிமிஷம்.

ஒரு வெற்று ஷீட்டில் A1, A2, A3, A4 கட்டங்களில் கடன் தொகை, ஆண்டு வட்டி, மாதங்கள், தவணை என்று தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து B கட்டங்களில் இவற்றைப் போடுங்கள்.

```
B1: 2000000
B2: 8.4%
B3: 240
B4: =PMT(B2/12,B3,-B1)
```

PMT என்பது மாதத் தவணையைக் கண்டுபிடிக்கும் சூத்திரம். அடைப்புக்குள் மூன்று விஷயம் கேட்கும்: ஒரு மாதத்து வட்டி வீதம், எத்தனை மாதம், எவ்வளவு கடன். B4-ல் 17,230.09 என்று வரும். வங்கி பைசாவை விட்டுவிட்டு 17,230 என்று வைத்திருக்கிறது.

இதில் இரண்டு இடத்தில் கை தவறும். ஒன்று, B2-ஐ 12-ஆல் வகுக்க மறப்பது. அப்படி மறந்தால் தவணை 1,68,000 என்று வந்து நிற்கும். வருஷ வட்டியை மாத வட்டி என்று கணினி எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். இன்னொன்று, B1-க்கு முன்னால் உள்ள கழித்தல் குறி. கைக்கு வரும் பணத்துக்கு ஒரு குறி, கையை விட்டுப் போகும் பணத்துக்கு எதிர்க்குறி என்பது எக்செலின் வழக்கம். அந்தக் கழித்தல் குறி இல்லாவிட்டால் தவணை மைனஸில் வரும். எண் சரிதான், பயப்பட வேண்டாம். ஆனால் பின்னால் கூட்டிக் கழிக்கும்போது குழப்பும். அதனால் ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்தது அட்டவணை. ஆறாவது வரியில் மாதம், வட்டி, அசல், மீதி என்று தலைப்பு எழுதுங்கள். ஏழாவது வரியில் முதல் மாதம்.

```
A7: 1
B7: =IPMT($B$2/12,A7,$B$3,-$B$1)
C7: =PPMT($B$2/12,A7,$B$3,-$B$1)
D7: =B1-C7
```

IPMT அந்த மாதத் தவணையில் வட்டி எவ்வளவு என்று சொல்லும். PPMT அசல் எவ்வளவு என்று சொல்லும். PMT-க்கும் இவற்றுக்கும் ஒரே வித்தியாசம், எத்தனையாவது மாதம் என்பதையும் இவை கேட்கும். அதுதான் நடுவில் உள்ள A7. முதல் மாதத்துக்கு B7-ல் 14,000-ம் C7-ல் 3,230.09-ம் வரும். வாயால் போட்ட கணக்கோடு பொருந்துகிறதா? பொருந்தினால் மேலே போகலாம்.

எட்டாவது வரியில் A, D இரண்டை மட்டும் புதிதாக எழுத வேண்டும். B7, C7 கட்டங்களைக் கீழே நகல் எடுத்தால் போதும்.

```
A8: =A7+1
D8: =D7-C8
```

பிறகு A8 முதல் D8 வரை தேர்ந்தெடுத்து, ஓரத்தில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்து 246-ஆவது வரி வரை இழுத்துவிடுங்கள். 240 மாதமும் வரிசையாக வந்துவிடும்.

அந்த $ குறி எதற்கு என்று தம்பி மகன் கேட்டான். கீழே இழுக்கும்போது A7 என்பது A8, A9 என்று தானாக மாறும். அது நமக்கு வேண்டும், மாதம் மாற வேண்டும். ஆனால் வட்டி வீதம் B2-லேயேதான் இருக்கிறது. அது B3, B4 என்று நகர்ந்துவிடக் கூடாது. $ குறி போட்டால் ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கும். போடாவிட்டால் முதல் வரி சரியாக இருக்கும், இரண்டாவது வரியிலிருந்து #NUM! என்றோ பொருந்தாத எண்களோ வரும். முதல் வரி சரி, அடுத்த வரி தப்பு என்றால் இந்தக் குறியைத்தான் தேட வேண்டும்.

விடை சரிபார்க்காமல் நோட்டை மூடக் கூடாது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இங்கேயும் இரண்டு சோதனை உண்டு. கடைசி வரியில் D246 பூஜ்யமாக இருக்க வேண்டும். அசல் நெடுவரிசை முழுவதையும் கூட்டினால் சரியாக 20 லட்சம் வர வேண்டும்.

```
=SUM(C7:C246)
```

இரண்டும் சரியாக வந்தது. இப்போது 24-ஆவது மாதத்தைப் பார்த்தோம். அது 30-ஆவது வரி. மீதி 19,15,904.85. வங்கிக் கடிதத்தில் இருந்தது 19,15,907. இரண்டு லட்சமும் இல்லை, இரண்டாயிரமும் இல்லை, இரண்டே ரூபாய் வித்தியாசம். அதுவும் ஏன் என்று தெரிகிறது. மாதம் 9 பைசா குறைவாகக் கட்டியிருக்கிறான், 24 மாதத்துக்கு இரண்டு ரூபாய் சொச்சம் சேர்ந்திருக்கிறது.

"உன்னை யாரும் ஏமாத்தலடா. கட்டின 4,13,520-ல 3,29,427 வட்டி. கணக்கு நேர்தான்" என்றேன்.

அட்டவணையில் விரலை வைத்துக் கீழே போய்க்கொண்டே இருந்தான். வட்டியைவிட அசல் அதிகமாகக் கழியும் முதல் மாதம் எது என்று தேடினோம். 142-ஆவது மாதம். பதினோரு வருஷம் பத்து மாதம் ஆன பிறகுதான் தவணையில் பாதிக்கு மேல் அசலுக்குப் போகிறது. அதுவரை பெரும்பகுதி வட்டிக்குத்தான். இது வங்கி வேண்டுமென்றே செய்ததல்ல. ஆரம்பத்தில் பாக்கி அதிகம், அதனால் வட்டி அதிகம். அவ்வளவுதான் காரணம். ஆனால் இந்தக் காரணத்தால்தான் வட்டி ஏற்றம் கடனின் ஆரம்ப வருஷங்களில் வந்தால் அடி பலமாக விழுகிறது. அதை அடுத்துச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வி 277. இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அதைத்தான் முதலில் செய்வீர்கள்.

வட்டிதானே மாறியது என்று B2-க்குப் போய் 8.4%-ஐ அழித்துவிட்டு 9.6% என்று அடித்தேன். அட்டவணை முழுவதும் ஒரு நொடியில் மாறிவிட்டது. தவணை 18,773 என்று வந்தது. இதுதான் புதுத் தவணை போல என்று எழுதிக்கொள்ளப் போனேன். நல்ல வேளையாக 30-ஆவது வரியைத் திரும்பப் பார்த்தேன். 24-ஆவது மாத மீதி 19,26,939 என்று இருந்தது. கடிதத்தைவிட 11,000 ரூபாய் அதிகம். கட்டி முடித்த மாதங்களின் மீதி எப்படி மாறும்?

யோசித்தால் புரிந்துவிட்டது. PMT, IPMT, PPMT மூன்றுக்கும் ஒரே ஒரு வட்டி வீதம்தான் தெரியும். முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை அதே வீதம் என்று நினைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். நடுவில் வட்டி மாறியது என்பதை அவற்றிடம் சொல்ல இடமே இல்லை. B2-ஐ மாற்றினால், இரண்டு வருஷத்துக்கு முன்னாலிருந்தே 9.6 சதவீதம் கொடுத்த மாதிரி பழைய கணக்கையும் திருத்திவிடும்.

இதற்கு வழி எளிது. வட்டி மாறிய நாளில் பழைய கடன் முடிந்து புதுக் கடன் ஒன்று தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஷீட்டைத் தொடாதீர்கள், அது நடந்து முடிந்த வரலாறு. அதை நகல் எடுத்துப் பக்கத்தில் இன்னொரு ஷீட் வைத்து, மேலே மூன்று எண்களை மட்டும் மாற்றுங்கள்.

```
B1: 1915907
B2: 9.6%
B3: 216
```

B1-ல் நம் ஷீட்டின் மீதியைப் போடாமல் வங்கி சொன்ன மீதியைப் போடுகிறோம், இரண்டு ரூபாய் ஆனாலும் அதுதான் அதிகாரபூர்வமான எண். இப்போது மாதம் 216 மட்டும்தான் என்பதால் 222-ஆவது வரிக்குக் கீழே உள்ளவை #NUM! என்று கத்தும். அந்த வரிகளை நீக்கிவிடுங்கள்.

B4-ல் 18,665.94 வந்தது. அதாவது முன்பு பேசியபடி 56 வயதிலேயே கடனை முடிக்க வேண்டுமானால் தவணை 18,666 ஆக வேண்டும். பழைய தவணையைவிட மாதம் 1,436 ரூபாய் அதிகம்.

சரி, தவணையை ஏற்றாமல் 17,230-லேயே வைத்தால் எத்தனை மாதம் ஆகும்? இதற்கு NPER என்று இன்னொரு சூத்திரம் உண்டு. PMT மாதங்களைக் கொடுத்தால் தவணையைச் சொல்லும். NPER தவணையைக் கொடுத்தால் மாதங்களைச் சொல்லும். இங்கே கழித்தல் குறி தவணைக்கு முன்னால் வரும்.

```
=NPER(9.6%/12,-17230,1915907)
```

276.52 என்று வந்தது. அரை மாதம் என்று ஒன்று இல்லையே, அதனால் 277. வங்கிக் கடிதத்தில் இருந்த எண் இதுதான். இதிலும் வங்கி கணக்குத் தவறவில்லை. கேட்காமலே ஐந்து வருஷம் ஒரு மாதத்தை நீட்டிவிட்டது, அவ்வளவுதான்.

1.2 சதவீதம் ஏறியதற்கு எப்படி ஐந்து வருஷம் என்று அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு ஷீட்டிலும் 25-ஆவது தவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பழைய வட்டியில் அந்த மாதம் 13,411 ரூபாய் வட்டிக்கும் 3,819 ரூபாய் அசலுக்கும் போயிருக்க வேண்டும். புதிய வட்டியில், தவணை அதே 17,230 என்றால், வட்டிக்கு 15,327 போய்விடுகிறது. அசலுக்கு 1,903 தான் மிச்சம். தவணை ஏறவில்லை என்றால் கூடுதல் வட்டி முழுவதும் அசலின் பங்கிலிருந்துதான் எடுக்கப்படும். அசலின் பங்கு ஏற்கெனவே சின்னது. அதில் 1,916 ரூபாயைப் பிடுங்கினால் சரிபாதி போய்விடுகிறது. ஏழெட்டு வருஷம் கழித்து, அசல் வேகமாகக் கழியும் காலத்தில் இதே ஏற்றம் வந்திருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது.

பிறகு மொத்தத் தொகையைப் பார்த்தோம். தவணையை ஏற்றினால் இனிக் கட்ட வேண்டியது 18,666 வீதம் 216 மாதம், 40 லட்சத்து 32 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஏற்றாவிட்டால் 276 முழுத் தவணையும் கடைசியாக ஒரு அரைத் தவணையும் சேர்த்து 47 லட்சத்து 64 ஆயிரம். வித்தியாசம் சுமார் 7 லட்சத்து 32 ஆயிரம். தப்பிச்சேன் என்றானே, அதன் விலை இது.

"மாசம் 1,436 உடனே முடியுமான்னு தெரியல அத்தை" என்றான். அதுவும் நியாயமான பேச்சு. குழந்தைக்கு ஸ்கூல் பீஸ் இருக்கிறது, அம்மாவுக்கு மருந்து இருக்கிறது. முழுவதும் ஏற்ற முடியாவிட்டால் பாதி ஏற்றிப் பார்க்கலாமே என்று NPER-ல் 17230-க்குப் பதிலாக 18000 போட்டேன். 239.36 வந்தது, அதாவது 240 மாதம். சரியாக 20 வருஷம், அவனுக்கு 58 வயது ஆகும்போது முடியும். மாதம் 770 ரூபாய் கூடக் கட்டினால் 37 தவணை குறைகிறது. சம்பளம் நிற்கும் மாதமும் கடன் முடியும் மாதமும் ஒன்றாகிறது. ஆக அவன் முன்னால் மூன்று வழி இருந்தது: 17,230 கட்டி 61 வயதில் முடிப்பது, 18,000 கட்டி 58-ல் முடிப்பது, 18,666 கட்டி 56-ல் முடிப்பது.

வங்கி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டான். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று இதற்கென்றே ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மாறும் வட்டியில் வாங்கிய இந்த மாதிரித் தவணைக் கடன்களில் வட்டி மாறும்போது, தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும். கடனின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்கூட்டிக் கட்டவும் விட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணைகள், ஆண்டு வட்டி வீதம் இவற்றைக் காட்டும் அறிக்கையும் தர வேண்டும். கடிதத்தைத் திரும்ப மேலே தள்ளிப் பார்த்தோம். இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த வரி இருந்தது: தவணையை மாற்ற விரும்பினால் கிளைக்கு எழுதித் தரவும். இவன் முதல் பக்கத்தில் இஎம்ஐ ஏறவில்லை என்பதைப் பார்த்ததும் மூடிவிட்டிருக்கிறான்.

அதே சுற்றறிக்கையில் இன்னொரு விஷயமும் உண்டு. காலத்தை நீட்டினாலும், கட்டும் தவணை அந்த மாத வட்டிக்காவது போதுமானதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டக் கட்டக் கடன் வளரும். நம் கணக்கில் அது எங்கே நடக்கும் என்று பார்த்தேன். NPER-ல் வட்டியை 10.8% என்று மாற்றினேன். #NUM! என்று வந்தது. 19,15,907-க்கு அந்த வீதத்தில் ஒரு மாத வட்டி 17,243. தவணை 17,230. பதின்மூன்று ரூபாய் பற்றவில்லை. அந்தக் கடன் எந்தக் காலத்திலும் முடியாது என்பதைத்தான் கணினி #NUM! என்று சொல்கிறது. உங்கள் கணக்கில் NPER இப்படி நின்றால் சூத்திரத்தில் பிழை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முதலில் மாத வட்டியையும் தவணையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த ஷீட் சொல்லாத விஷயங்களும் உண்டு. இவன் கடனில் வட்டி மாதக் கணக்கில் போடுகிறார்கள், அதனால் இரண்டு ரூபாய்க்குள் பொருந்தியது. சில இடங்களில் நாள் கணக்கில் போடுவார்கள். 31 நாள் மாதத்தில் வட்டி கொஞ்சம் கூடும், பிப்ரவரியில் குறையும். அப்போது மாதாமாதம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அது தப்பல்ல. கடன் வாங்கிய நாளுக்கும் முதல் தவணை நாளுக்கும் இடையில் உள்ள உடைந்த மாத வட்டியும் இதில் வராது. நடுவில் ஒரு தொகையை மொத்தமாகக் கட்டினாலும் பழைய ஷீட் பொருந்தாது. வட்டி மாறியபோது செய்த மாதிரி, கட்டிய பிறகுள்ள மீதியை B1-ல் போட்டுப் புது ஷீட் தொடங்க வேண்டும். ஆனால் வித்தியாசம் மாதாமாதம் ஒரே பக்கமாக வளர்ந்துகொண்டே போனால், கணக்கில் ஏதோ கட்டணமோ காப்பீட்டுத் தொகையோ சேர்க்கப்பட்டிருக்கலாம். அப்போது கிளைக்குப் போய்க் கணக்கு விவரம் கேளுங்கள். எந்த மாதத்திலிருந்து விலகுகிறது என்று உங்கள் ஷீட்டே காட்டிக்கொடுக்கும்.

தம்பி மகன் அன்று ராத்திரி மனைவியோடு போனில் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தான். காலையில் காபி குடிக்கும்போது சொன்னான். மாதம் 1,500 ரூபாய் கட்டும் சீட்டு ஒன்று இருக்கிறதாம், அது அடுத்த மாதத்தோடு முடிகிறதாம். வழக்கமாக உடனே அடுத்த சீட்டில் சேர்ந்துவிடுவார்களாம். இந்த முறை சேரப் போவதில்லை. "அவளே சொன்னா அத்தை, சீட்டுக்குப் பதிலா வீட்டுக்குக் கட்டிடலாம்னு." 18,666-ஐயே எடுத்துக்கொள்வது என்று முடிவு. தவணையை உயர்த்தவும் மீதித் தவணைகளை 216 ஆக வைக்கவும் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினான். நான் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன். ஊருக்குப் போனதும் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டான்.

போன வாரம் படம் அனுப்பியிருந்தான். புதிய தவணை 18,666. முதல் தவணையில் வட்டி 15,327, அசல் 3,339. மீதித் தவணைகள் 215. அவனே தன் ஷீட்டைத் திறந்து முதல் வரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, பக்கத்துக் கட்டத்தில் ஒரு டிக் அடித்திருந்தான். நான் நோட்டுத் திருத்தும்போது போடுவேனே, அதே மாதிரி சிவப்பு நிறத்தில்.

கடன் உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம் இதுதான். வங்கியின் கடைசி அறிக்கையை எடுங்கள். மீதி அசல், இப்போதைய வட்டி, தவணை, இந்த மூன்றையும் NPER-ல் போடுங்கள். வரும் மாதங்களை உங்கள் வயதோடு கூட்டுங்கள். விடை ஓய்வு பெறும் வயதைத் தாண்டினால், PMT-க்குப் போய் எத்தனை ரூபாய் கூட்டினால் உள்ளே வரும் என்று பாருங்கள். எங்காவது சிக்கினால் ஷீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் B2-ஐ 12-ஆல் வகுத்தீர்களா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.